முதலில் முடியைப் பற்றிச் சண்டை போடட்டும்

கேள்வி: ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும் இளைஞன் புது ஸ்டைலில் முடிவெட்டச் சொல்கிறான், ஊர் சலூன்காரர் மறுக்கிறார் என்று ஒரு சிறுகதை அனுப்பியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஒரு சாதாரண ஹேர்கட்டை வைத்துத் தலைமுறை இடைவெளியைச் சொன்னது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?
— வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: சாதாரண ஹேர்கட் என்று எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கதையில் எட்டுப் பக்கம் இரண்டு பேரும் பேசுகிறார்கள். 'காலம் மாறிப்போச்சு' என்கிறான் ஒருவன், 'நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்கிறார் இன்னொருவர். ஒருவர் கையாவது அந்தத் தலையைத் தொட்டதா? இல்லை. முப்பது வருஷம் கத்தரி பிடித்தவர் வாடிக்கையாளரை உட்காரவைத்துத் துணி போர்த்திய பிறகு முதலில் செய்கிற வேலை பேசுவது அல்ல. விரலை முடிக்குள் விட்டுத் தலையைத் தடவிப் பார்ப்பார். சுழி எங்கே, எத்தனை சுழி, பின்மண்டை எலும்பு எங்கே புடைத்திருக்கிறது, பழைய தழும்பு உண்டா என்பதெல்லாம் அந்த ஒரு தடவலில் தெரிந்துவிடும். உங்கள் சலூன்காரருக்கு அது ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் அவர் வாயில் கொடுத்த வசனம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

உங்கள் இளைஞன் கேட்பது 'ஃபேட்'. அதை நீங்கள் பெயராக மட்டுமே வைத்திருக்கிறீர்கள். அது என்ன வேலை என்று பார்ப்போம். காதுக்கு மேலும் பிடரியிலும் தோல் தெரிகிற அளவுக்கு வெட்டி, மேலே போகப் போக முடி கூடிக்கொண்டே போய், எங்கே மாறியது என்று கண்ணுக்குத் தெரியாமல் உச்சி முடியோடு சேர வேண்டும். முதலில் சீப்பு மாட்டாத வெறும் மெஷினால், அதாவது ஸீரோவில், கீழே தலையைச் சுற்றி ஒரு கோடு. பிறகு மெஷினின் லிவரைத் திறந்து அதற்கு மேல் ஒரு விரல் அகலம். அதற்கு மேல் ஒன்றாம் நம்பர் சீப்பு மாட்டி, அதற்கும் மேல் இரண்டாம் நம்பர். ஒன்றாம் நம்பர் என்றால் 3 மில்லிமீட்டர் முடி நிற்கும், இரண்டாம் நம்பர் என்றால் 6. இப்படிப் படி படியாகக் கோடுகள் விழுந்திருக்கும். இனிமேல்தான் உண்மையான வேலை. மெஷினின் மூலையால், மணிக்கட்டை வெளிப்பக்கம் சுண்டிச் சுண்டி, ஒவ்வொரு கோட்டையும் அழிக்க வேண்டும். நம் ஆட்களின் முடி கறுப்பு, தடிமன். ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து தெரியும்.

இதில் ஒரு விஷயம் மாற்ற முடியாதது. முதல் கோட்டைத் தாழ்வாகப் போட்டால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உயர்த்திப் போட்டுவிட்டால் இறக்க வழியே இல்லை, மாதக்கணக்கில் வளர விட வேண்டியதுதான். பின்மண்டைப் புடைப்புக்கு மேலே கோடு போய்விட்டால் தலை பின்னால் தட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே அந்த இளைஞன் 'இன்னும் மேலே ஏத்துங்கண்ணே' என்றும் அவர் 'வேண்டாம் தம்பி, இது போதும்' என்றும் சொல்கிற இடத்தில் ஒரு நிஜமான சண்டை இருக்கிறது. அது அரை அங்குலத்துக்கான சண்டை. நீங்கள் அதை எழுதாமல் கலாச்சாரத்துக்கான சண்டையை எழுதினீர்கள்.

அப்புறம், அவன் கட்டட வேலை செய்கிறவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்கத் தலையில் ஹெல்மெட். முகமும் கழுத்தும் வெயிலில் கறுத்திருக்கும், முடிக்கும் ஹெல்மெட்டுக்கும் அடியில் இருக்கும் தோல் வெளுத்திருக்கும். தோல் தெரிய வெட்டினால் காதைச் சுற்றி ஒரு வெளிறிய பட்டை வரும். கறுத்த கழுத்து, வெளிறிய பட்டை, மேலே கறுப்பு முடி. இது சலூன்காரர் கண்ணில்தான் முதலில் படும். 'ஸீரோ வேண்டாம் தம்பி, ஒண்ணாம் நம்பரோட நிறுத்திக்குவோம்' என்று அவர் சொன்னால் அது பழமைவாதம் இல்லை. மூன்று மில்லிமீட்டர் முடி அந்த நிற வித்தியாசத்தை மறைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரியில், இத்தனை வருஷம் அவன் எந்த வெயிலில் நின்றான் என்பதும் வந்துவிடுகிறது. பாலைவனம், ஒட்டகம், அம்மாவின் கண்ணீர் என்று நீங்கள் இரண்டு பக்கம் எழுதியது அதற்குப் பிறகு தேவையே இல்லை.

வளைகுடாவிலிருந்து வருகிறவனை சென்ட் வாசனையோடும் கறுப்புக் கண்ணாடியோடும் பஸ்ஸிலிருந்து இறக்குவதை நிறுத்துங்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. மறுபடியும் எழுதுகிறேன். கேம்ப் அறையில் அடுக்குக் கட்டிலில் தூங்கி, வார விடுமுறையில் துணி துவைத்து, சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்புகிற ஒருவனை நாற்பது வருஷமாக நம் கதைகள் பகட்டுக்காரனாகவே காட்டுகின்றன. அவன் ஒரு ஹேர்கட் கேட்டால் அதுவும் பகட்டாகிவிடுகிறது. அவன் ஏன் கேட்கிறான் என்று யாராவது யோசித்தோமா? உங்கள் கதையிலேயே காரணம் இருக்கிறது. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறான். ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள்.

அங்கே கணக்குப் போடுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் ஆள் ஊருக்கு வந்த மறுநாளே சலூனுக்குப் போகிறான். பத்து நாளில் ஸீரோ வைத்த இடம் ஒன்றாம் நம்பர் அளவுக்கு வந்துவிடும், அந்தப் படிப்படியான மங்கலும் போய்விடும். பெண் வீட்டில் போய் உட்காரும்போது அவன் தலையில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய ஸ்டைல் இல்லை, வெட்டி விட்டு மறந்துபோன தலை. 'இப்ப வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, நான் வெட்டி விடுறேன்' என்று சலூன்காரர் சொல்லியிருந்தால் அவர் மறுப்புக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். அவனுக்கு அது புரியாமல் கோபப்பட்டிருந்தால் கதைக்கும் உயிர் வந்திருக்கும்.

சலூன்காரர் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. அவர் தவறாகவும் இருக்கலாம், அது இன்னும் நல்ல கதை. அவருக்கு அந்த வேலை தெரியாமல் இருக்கலாம். கத்தரியும் சீப்பும் வைத்துப் பழகிய கை, மெஷின் மூலையைச் சுண்டிப் பழகியிருக்காது. மெஷினின் பிளேடு மழுங்கியிருந்தால் முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். தெரியாது என்று ஊர் நடுவே சொல்ல முடியாதவர் 'நம்ம ஊருக்கு ஒத்துவராது' என்பார். நேரமும் ஒரு காரணம். சாதாரணமாகக் கால் மணி நேரத்தில் முடிகிற தலை, இப்படி வெட்டினால் முக்கால் மணி பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, பெஞ்சில் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், வாங்கப்போவது எல்லோரிடமும் வாங்குகிற அதே காசு. அவர் முகம் சுளிப்பது ஸ்டைலைப் பார்த்தா, பெஞ்சைப் பார்த்தா? எது என்று வாசகனுக்குத் தெரிய எளிய வழி இருக்கிறது. தெரிந்தவர் என்றால் அவன் செல்போனில் காட்டும் படத்தை வாங்கி, 'சைடு போட்டோ இருக்கா, பின்பக்கம் இருக்கா' என்று கேட்பார். ஏனென்றால் முன்பக்கப் படத்தில் இந்த வெட்டு முழுசாகத் தெரியாது. தெரியாதவர் படத்தைப் பார்க்காமலே வேண்டாம் என்பார்.

இன்னொன்று, இது எனக்கு முக்கியம். உங்கள் கதையில் சலூன்காரருக்கு ஐம்பத்தைந்து வயது, வந்தவனுக்கு இருபத்தேழு. ஆனால் அவன் அவரை நீ, வா, போ என்றே பேசுகிறான். அதைப் பற்றிக் கதைக்கு எந்தக் கருத்தும் இல்லை, தானாக வந்து விழுந்திருக்கிறது. நம் ஊர்களில் முடிவெட்டும் மருத்துவர் சமூகத்துப் பெரியவரைப் பொடிப்பையன்கூட ஒருமையில் கூப்பிட்ட வழக்கத்தின் மிச்சம் அது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தார், களத்து நெல்லில் கொடுத்ததுதான் அவர்களுக்குக் கூலி. ஷார்ஜாவில் உங்கள் ஆள் முடிவெட்டிக்கொண்டது ஒரு பாகிஸ்தானியிடமாகவோ மலையாளியிடமாகவோ இருந்திருக்கும். அங்கே 'பாய்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தன் முறைக்குக் காத்திருந்து, சொன்ன காசைக் கொடுத்திருப்பான். ஊருக்கு வந்ததும் அதே நாக்கு எப்படி ஒருமைக்குத் திரும்பியது? அல்லது திரும்ப மறுத்து 'அண்ணே' என்றதா? அப்படிச் சொன்னால் அவர் எப்படி நிமிர்ந்து பார்ப்பார்?

அதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது, அந்த நாற்காலியில் உட்கார அவனுக்கு எப்போதும் அனுமதி இருந்ததா என்பது. பட்டியல் சாதியினருக்கு முடிவெட்ட மறுக்கும் கிராமத்துச் சலூன்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே அது குற்றம். பல இடங்களில் மறுப்பவர் வெறும் கருவி, மீறி வெட்டினால் ஆதிக்கசாதிக்காரர்கள் கடைக்கு வராமல் நின்றுவிடுவார்கள், கட்டடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவன், யாரும் சாதி கேட்காத ஷார்ஜா நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து, உள்ளூர்க் கடையின் கதவைத் தள்ளுகிறான் என்று வையுங்கள். 'இந்த ஸ்டைல் எனக்கு வராது தம்பி' என்று அவர் சொல்வதை அவன் நம்புவதா வேண்டாமா? அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அவனால் நம்ப முடியுமா? உங்கள் கதையில் 'மறுக்கிறார்' என்று ஒரு சொல் வருகிறது, அது எந்த மறுப்பு என்று தீர்மானிக்காமல் எழுத முடியாது.

ஒரு சலூனில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், கடை பூட்டியிருக்கும். மெஷின் எந்தக் காதுப் பக்கம் முதலில் போகிறது, லிவரை எப்போது தள்ளுகிறார், பிடரியைச் சவரம் செய்தபின் படிகாரம் தடவும்போது உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படி இருக்கிறது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு அந்த எட்டுப் பக்க வசனத்தில் ஆறு பக்கத்தை வெட்டிவிட்டு, அவன் தலையில் சலூன்காரரின் கையை வைத்து எழுதி அனுப்புங்கள். உடனே படிக்கிறேன்.