ஆட்குறைப்பு இழப்பீடும் கிராஜுவிட்டியும் நோட்டீஸ் சம்பளமும்: கேள்வி பதில்

கேள்வி: கோவையில் 60 பேர் வேலை செய்த பம்ப் கம்பெனியில் நான் ஃபிட்டர். 1-1-2016 அன்று சேர்ந்தேன், 31-7-2024 அன்று ஆர்டர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாதம் 24,000, அதில் பேசிக்கும் டிஏவும் 15,600. கையில் வந்தது 1,05,000. கிராஜுவிட்டி கொடுத்தாகிவிட்டது, வேறு இழப்பீடு இல்லை என்கிறார்கள்.

பதில்: உங்களுக்கு வரவேண்டியவை மூன்று தொகைகள், ஒன்றைக் கொடுத்ததால் மற்றொன்று கழிந்துவிடாது. முன்னறிவிப்பு இல்லாமல் அனுப்பியதற்கு ஒரு மாதச் சம்பளம் 24,000. உங்கள் சேவை 8 ஆண்டு 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால் 9 ஆண்டு. கிராஜுவிட்டிக்கு பேசிக், டிஏ மட்டுமே அடிப்படை. அதை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 9,000, ஆக 81,000. கம்பெனி கொடுத்தது இவ்விரண்டும்தான்.

விடுபட்டிருப்பது தொழிற்தகராறு சட்டத்தின் 25F பிரிவு சொல்லும் இழப்பீடு. இதற்குக் கடைசி மூன்று மாதங்களின் சராசரிச் சம்பளம், அலவன்ஸ்களும் சேர்த்து, அடிப்படையாகும். இங்கே 26 ஆல் வகுப்பதில்லை, பாதி மாதச் சம்பளம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2007 இல் தெளிவாக்கியது. ஆகவே ஆண்டுக்கு 12,000 வீதம் 9 ஆண்டுக்கு 1,08,000. இதை வேலையை விட்டு அனுப்பும்போதே தந்திருக்க வேண்டும்; தராவிட்டால் ஆட்குறைப்பே செல்லாது என்று வாதிட இடமுண்டு. தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனுக் கொடுக்கும்போது, மூன்று தொகைகளையும் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். மொத்தத் தொகையாக எழுதிய மனுக்கள் சமரசப் பேச்சில் குழம்பிப்போவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: ஐந்து வருஷம் முடிந்தால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன், நான் மூன்று வருஷம்தான் ஆகிறது. சரியா?

பதில்: கிராஜுவிட்டிக்கு அது சரி. இழப்பீட்டுக்கும் நோட்டீஸ் சம்பளத்துக்கும் ஓராண்டுத் தொடர் சேவை போதும். அதாவது பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை ஓராண்டாகவே கணக்கிடுவார்கள்.

கேள்வி: நான் ஐடி டீம் லீட், சம்பளம் 90,000. ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். எனக்கும் பாதி மாதக் கணக்குதானே?

பதில்: உங்களுக்கு இரண்டு தடைகள். விருப்ப ராஜினாமா ஆட்குறைப்பு ஆகாது; வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதை மின்னஞ்சல்களாலோ சாட்சிகளாலோ காட்ட வேண்டும். அடுத்து, நீங்கள் சட்டம் சொல்லும் தொழிலாளரா என்பது பதவிப் பெயரைப் பொறுத்ததன்று, அன்றாடம் செய்த வேலையைப் பொறுத்தது. நாள் முழுவதும் கோட் எழுதியவரா, மற்றவர்களின் விடுப்பையும் மதிப்பீட்டையும் முடிவு செய்தவரா என்பதைப் பார்த்தே நீதிமன்றம் தீர்மானிக்கும். உங்கள் விஷயத்தில் அதை இங்கிருந்து சொல்லிவிட முடியாது. ஐந்தாண்டு ஆகியிருந்தால் கிராஜுவிட்டி மட்டும் ராஜினாமாவுக்குப் பிறகும் உங்களுக்கு உண்டு.

கேள்வி: இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டதே, பழைய கணக்கு செல்லுமா?

பதில்: 21-11-2025 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு 15 நாள் என்ற அளவு அதிலும் தொடர்கிறது. ஆனால் சம்பளம் என்பதற்கான வரையறை மாறியிருப்பதால், அதன் பிறகு வேலை இழந்தவர்கள் மேலே உள்ள கணக்கை அப்படியே எடுத்துப் போடாமல், சம்பளச் சீட்டில் உள்ள ஒவ்வொரு அலவன்ஸும் அதில் சேருமா என்று முதலில் பார்க்க வேண்டும்.