இன்டக்ஷன் அடுப்பு: முதலில் பிளக்கைப் பாருங்கள்

“வெள்ளவத்தையில் பழைய தொடர்மாடியில் இருக்கிறேன். 2000 வாட் இன்டக்ஷன் அடுப்பு வாங்கலாமா? இருக்கும் சட்டிகள் சரிவருமா?”

வாங்கலாம். ஆனால் கடைக்குப் போகுமுன் சமையலறைச் சுவரைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் சிறிய உருண்டைத் துளை பிளக் 5 அம்பியருக்கானது. அடாப்டர் செருகி அதில் ஓட்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படி ஓட்டியபோது கால் மணி நேரத்தில் பிளக் தொட முடியாதபடி சுட்டது, துளையோரம் பழுப்பேறிவிட்டது. மின்பணியாளரைக் கொண்டு 13 அல்லது 15 அம்பியர் இணைப்பைத் தனிக் கம்பியில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறு வெப்பம். மலிவான அடுப்புகள் பல, 300 வாட்டில் வைத்தாலும் சில விநாடி முழு வேகத்தில் இயங்கிச் சில விநாடி நின்றுவிடும். தேங்காய்ப்பால் சொதி அதில் திரைந்துபோகும். கடையிலேயே தண்ணீர் வைத்துக் குறைந்த அளவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். குபுகுபுவென்று கொதித்து அடங்கி, மறுபடி கொதித்தால் விட்டுவிடுங்கள்.

சட்டிகளின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். இறுக ஒட்ட வேண்டும், அடியும் தட்டையாக இருக்க வேண்டும். சாதாரண அலுமினியத் தாச்சியும் மண்சட்டியும் சூடாகாது.