தாமத வருகைக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம்

ஒரு ஊழியர் அடிக்கடி லேட்டாக வருகிறார். முதல் எச்சரிக்கைக் கடிதத்தை எப்படி எழுதுவது?

'அடிக்கடி' என்று எழுதாதீர்கள். அவர் மறுக்கப்போவது அந்தச் சொல்லைத்தான். வருகைப் பதிவில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்: "பணி தொடக்கம் காலை 9.00. ஜூன் 3 அன்று 9.25, 9 அன்று 9.40, 17 அன்று 9.32-க்கு வந்தீர்கள். 10 அன்று வாய்மொழியாக எச்சரிக்கப்பட்டது." அனுமதி வாங்கிய நாள் ஒன்று இதில் கலந்துவிட்டால் கடிதமே ஆட்டம் காணும். 'பொறுப்பில்லாதவர்' போன்ற வசவும் வேண்டாம்.

எதிர்பார்ப்பை அளக்கக்கூடியதாக எழுதுங்கள்: "9.00-க்கு இருக்கையில் இருக்க வேண்டும். தாமதமானால் 8.45-க்குள் மேற்பார்வையாளருக்கு போன் செய்ய வேண்டும். ஜூலை 31 அன்று பதிவு மீண்டும் பார்க்கப்படும்."

விளைவு என்று 'கடும் நடவடிக்கை' என மொட்டையாக முடிக்காமல், அடுத்த படி இறுதி எச்சரிக்கையா, விசாரணையா என்று சொல்லுங்கள். நிறுவன விதியில் இல்லாத தண்டனையைச் சொல்லி மிரட்டினால் பின்னால் அது நிற்காது. கையெழுத்து 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்கு மட்டும். ஒப்புதலாகக் கேட்டால் பலர் போட மாட்டார்கள்.