சங்கக் கூட்டத்தில் மறுத்துப் பேசுவது: கேள்வி பதில்

அடுக்ககக் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களைப் பற்றிய கேள்விகள் இவை. எல்லா பதிலுக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 வீடுகள்: 1,000 சதுர அடியில் 10, 1,400 சதுர அடியில் 10. தண்ணீர் லாரிச் செலவு மாதம் 48,000 ரூபாய். சதுர அடிக்கு 2 ரூபாய் வாங்கலாம் என்கிறார் செயலாளர்.

கேள்வி: செயலாளர் சொல்ற கணக்கு நியாயமில்லன்னு தோணுது. கையைத் தூக்கினதும் எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

அவருடைய கணக்கிலிருந்தே ஆரம்பியுங்கள். "சார், எனக்குப் புரிஞ்சது சரியான்னு சொல்லுங்க. பராமரிப்புத் தொகையை ஏற்கெனவே சதுர அடிக்குத்தான் வாங்குறோம், தண்ணிக்கும் அதே வழின்னா கணக்கு எழுதச் சுலபம். இதுதானே?" அவர் "ஆமா" என்று சொல்லும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் வெறும் "ஆமா" வராது. "அது மட்டுமில்ல, பெரிய வீட்ல பாத்ரூம் மூணு இருக்கு" என்று இன்னொரு காரணமும் சேர்ந்து வரும். கேட்காமல் பேசியிருந்தால் அவர் வாதத்தில் பாதியைத்தான் மறுத்திருப்பீர்கள். மீதிப் பாதியை அவர் கோபத்தோடு எடுத்துப் போட்டிருப்பார்.

பிறகு ஒத்துப்போகும் இடத்தைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். "பெயின்ட் செலவுக்குச் சதுர அடி சரியான அளவு. தண்ணி மட்டும் ஆளைப் பொறுத்துச் செலவாகுது. இந்தக் கணக்குல ரெண்டு பேர் இருக்கிற பெரிய வீடு 2,800 கட்டும், அஞ்சு பேர் இருக்கிற சின்ன வீடு 2,000 கட்டும். எனக்கு இடிக்கிறது அந்த ஒரு இடம்தான்."

கடைசியாக, அவர் தோற்காமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை முன்வையுங்கள். பாதித் தொகையைச் சதுர அடிக்கும் பாதியை ஆள் கணக்குக்கும் வைத்து மூன்று மாதம் பார்க்கலாம். மொத்தம் 80 பேர் என்றால் சதுர அடிக்கு 1 ரூபாய், ஆளுக்கு 300. அந்தப் பெரிய வீடு 2,000 கட்டும், சின்ன வீடு 2,500. அவர் முறையும் இதற்குள் இருக்கிறது. இவ்வளவையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். சொன்னதும் நிறுத்துங்கள். இரண்டாவது குறையையும் கையோடு சேர்த்தால், அதில் எது பலவீனமோ அதற்குத்தான் பதில் வரும்.

கேள்வி: நான் எப்பவுமே "நீங்க சொல்றது சரிதான், ஆனா..."ன்னு மரியாதையாத்தான் தொடங்குறேன். அப்படியும் முகம் சுளிக்கிறாங்க. "ஆனா"ங்கிற வார்த்தையை விட்டாப் போதுமா?

முதலில் ஒத்துக்கொள்வது நல்ல வழக்கம், அதை விடாதீர்கள். சிக்கல் "ஆனா"வில் இல்லை, "இருந்தாலும்" என்று மாற்றினாலும் இதேதான் நடக்கும். எது சரி என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் "சரிதான்" வெறும் முகமனாகக் காதில் விழுகிறது. "பெரிய வீட்ல பாத்ரூம் அதிகம்ங்கிறது உண்மை" என்று சொல்லி, அந்த வாக்கியத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். மறுப்பு தனி வாக்கியமாக வரட்டும்.

கேள்வி: தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். நன்னூல் எழுவகை மதத்தில் "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு" என்று ஒன்று வருகிறதே, நீங்கள் சொல்வதும் அதுதானே?

அதுதான் ஐயா. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு நீக்குவது. உடன்படல், மறுத்தல் இரண்டையும் தனித்தனியாகச் சொன்ன பிறகு இதையும் ஒரு வகையாக வைத்திருக்கிறார் பவணந்தியார். அடுக்ககத்தில் ஒரு வேறுபாடு உண்டு. யாருடைய கருத்தைக் களைகிறோமோ அவரையே மறுநாள் காலையில் லிஃப்டில் பார்க்க வேண்டும். அதனால் முழுவதையும் களையாமல், இடிக்கும் பகுதியை மட்டும் களைவது நல்லது.

கேள்வி: எங்க அப்பா வயசுக்காரர் ஒருத்தர், "முப்பது வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதா"ன்னு ஆரம்பிச்சாலே நான் அடங்கிடறேன். "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள்"னு சொல்லித்தான் பேசுறேன்.

அந்த முன்னுரையை விட்டுவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ வரப்போகிறது என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். "ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்கிப் பெரிய மறுப்பைச் சொல்வதும் அப்படித்தான், ஏமாற்றியதாகத் தோன்றும். "எல்லாரும் இதைத்தான் பேசிக்கிறாங்க" என்பதோ இரண்டையும் விட மோசம். யார் யார் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அவருடைய அனுபவத்தையே கேள்வியாக்குங்கள். "அங்கிள், முன்னாடி எப்பவாவது ஆள் கணக்குல பிரிச்சுப் பார்த்தீங்களா? என்ன சிக்கல் வந்துச்சு?" அவரிடம் உண்மையான பதில் இருக்கக்கூடும். விருந்தாளியைக் கணக்கில் சேர்ப்பதா, ஒரு மாதம் ஊருக்குப் போனவரைக் கழிப்பதா, ஆளைக் குறைத்துச் சொன்னால் யார் போய் எண்ணுவது? ஆள் கணக்கின் பலவீனம் இதுதான். இதை அவர் வாயால் கேட்டுவிட்டால் உங்கள் யோசனையைத் திருத்திக்கொள்ளலாம். அவருக்கும் தன் பேச்சு எடுபட்டது தெரியும்.

கேள்வி: மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து எங்க ஹால் சீலிங்ல கசியுது. கூட்டத்துல கேட்டா அவர் கத்துறார். இதை எப்படி நயமா மறுக்கிறது?

இது கருத்து வேறுபாடு அல்ல, இரண்டு வீட்டுக்கு இடையிலான புகார். இருபது பேர் முன்னால் கேட்டால் எவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பிளம்பரோடு நேரில் போங்கள். மேலே யாரும் குளிக்காத நேரத்திலும் விடாமல் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயைப் பாருங்கள். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரை இணைப்பையோ கழிவுக் குழாயையோ பாருங்கள். காரணம் தெரிந்த பிறகு செலவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: சண்டையாகப் போகுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். "இந்தக் கணக்கு" என்று பேசிக்கொண்டிருந்தவர் "உங்க கணக்கு" என்கிறாரா பாருங்கள். "போன வருஷம் பெயின்ட் அடிச்சப்போ" என்று பழசு வருகிறதா கவனியுங்கள். ஒரே வாக்கியம் இரண்டாம் முறை சத்தமாக வந்தால், தான் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று அவர் நினைக்கிறார். அப்போது பதில் வாதம் வேண்டாம். "சார் சொல்றதை மினிட்ஸ்ல எழுதிக்கலாம்" என்று எழுதி, அவருக்கே படித்துக் காட்டுங்கள். மறுபடி சொல்லும் தேவை பெரும்பாலும் அதோடு போய்விடும்.

கேள்வி: நான் பேசினா பாதியிலயே வெட்டுறாங்க. "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா"ன்னு ஒருத்தர் சொன்னார். இதுக்கும் நயமாத்தான் பதில் சொல்லணுமா?

வேண்டியதில்லை. வெட்டுவதற்கு, "இன்னும் ரெண்டு வரிதான் சார், முடிச்சிடறேன்" என்று அதே குரலில் தொடரலாம். முன்பே ஒருவரிடம் சொல்லி வைத்து, "மேடம் பேசி முடிக்கட்டும்" என்று அவர் சொன்னால் இன்னும் எடுபடும். அந்த இரண்டாவது பேச்சு வேறு வகை. அதைத் தடுப்பது தலைவரின் வேலை. "நானும் இங்க உறுப்பினர்தான், தலைவர் இதைச் சொல்லணும்" என்று நேராகவே கேளுங்கள்.

அதே கேள்விக்கு இன்னொருவர்: எங்க சங்கத்துல வெட்டுறதே தலைவர்தான். அப்போ?

அதற்குக் கூட்டத்துக்குள் சொல்லும்படியான வழி என்னிடம் இல்லை. உங்கள் பொருளை எழுத்தில் கொடுத்து, நான்கைந்து பேர் கையெழுத்தோடு நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். அதையும் தள்ளிப்போடும் தலைவர்கள் உண்டு.

கேள்வி: ஓட்டுல தோத்துட்டா அத்தோட விட்டுடணுமா?

காசைக் கட்டுங்கள், மறுப்பைப் பதிவு செய்யுங்கள். "தீர்மானத்துக்குக் கட்டுப்படுறேன். என் மாற்றுக் கருத்தை ஒரு வரியில எழுதிக்கோங்க" என்றால் போதும். அந்த வரியை நீங்களே சொல்லி எழுதச் செய்யுங்கள்: "ஆள் எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும்." அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் அதைக் கிளற வேண்டாம். மூன்று மாத லாரி பில்லைச் சேர்த்து வைத்து, அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.