நாலுகால் மண்டபத்துக்குக் கொலைடரும் எல்ஓடியும்

கேள்வி: ஆண்ட்ராய்டு போனுக்காக யூனிட்டியில் ஒரு கிராமத்து விளையாட்டு செய்கிறேன். பிளெண்டரில் நாலுகால் மண்டபம் ஒன்று செய்தேன், 42,000 முக்கோணங்கள். `Mesh Collider` போட்டு `Convex` டிக் செய்தால் மண்டபத்துக்குள் நுழையவே முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத சுவர் தடுக்கிறது. டிக்கை எடுத்தால் நுழைய முடிகிறது, ஆனால் தூணை ஒட்டி நடந்தால் ஆள் சிக்கிச் சிக்கி நகர்கிறான். தொலைவு கூடக் கூட எளிய மெஷ்ஷுக்கு மாற்றும் எல்ஓடியும் போட்டேன். கணினியில் நன்றாக இருக்கிறது, போனில் பக்கத்தில் நிற்கும்போதே தூண் உருமாறுவது தெரிகிறது. கடைசி எல்ஓடியையே கொலைடராக வைத்துவிடலாமா?

பதில்: வைக்க வேண்டாம். எல்ஓடி கண்ணுக்காகச் செய்வது. இந்தத் தொலைவில் எதை எடுத்தால் பார்ப்பவருக்குத் தெரியாது என்று யோசித்துக் குறைப்போம். கொலைடர் உடம்புக்காகச் செய்வது. ஆள் எங்கே நிற்க வேண்டும், எங்கே வழுக்கிப் போக வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரிந்தால் போதும். கடைசி எல்ஓடியில் முக்கோணங்கள் குறைவாக இருந்தாலும் அது கண்ணுக்காகக் குறைத்த உருவம்தான். டெசிமேட் செய்த மெஷ்ஷில் ஊசி மாதிரி மெல்லிய முக்கோணங்களும் கோணல் விளிம்புகளும் மிஞ்சியிருக்கும், ஆள் அவற்றிலும் சிக்குவான்.

முதலில் அந்தச் சுவர். `Convex` டிக் செய்ததும் யூனிட்டி உங்கள் மண்டபத்தை ஒரு துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டிய மாதிரி ஓர் உருவத்தை உண்டாக்குகிறது. அந்த உருவத்தில் 255 முக்கோணங்களுக்கு மேல் இருக்காது, குழிவோ இடைவெளியோ இருக்கவே இருக்காது. தூண்களுக்கு நடுவே இருந்த வெற்றிடம் முழுக்க நிரம்பி மண்டபம் ஒரே கட்டியாகிவிட்டது. டிக்கை எடுத்தபோது 42,000 முக்கோணங்களும் அப்படியே மோதும் பரப்பாகிவிட்டன. அதனால் ஆளின் கேப்ஸ்யூல் ஒவ்வொரு செதுக்கலின் விளிம்பிலும் தட்டுகிறது. பலரும் இதை வேகக் குறைவு என்று நினைத்து போனைச் சந்தேகிப்பார்கள். `Window > Analysis > Physics Debugger` திறந்து பாருங்கள், தூணைச் சுற்றிக் கொலைடர் கோடுகள் கொசுவலை போல அடர்ந்து தெரியும். ஆள் சிக்குவது அங்கேதான்.

இதற்குத் தீர்வு, மண்டபத்தை எளிய திண்ம உருவங்களாகப் பிரிப்பது. உங்கள் அளவுகள் எனக்குத் தெரியாததால் நான் ஒரு மண்டபத்தை வைத்துச் சொல்கிறேன். அடித்தளம் 5 மீட்டர் சதுரம், 0.9 மீட்டர் உயரம். முன்னால் ஐந்து படி, ஒவ்வொன்றும் 18 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். தூண்கள் 50 செ.மீ. தடிமன். தளத்திலிருந்து கூரையின் அடிப்பகுதி வரை 3.2 மீட்டர். இதற்குத் தேவை ஏழே ஏழு `Box Collider`: தளத்துக்கு ஒன்று, தூண்களுக்கு நான்கு, கூரைக்கு ஒன்று, படிகளுக்கு ஒன்று. மண்டபத்தின் கீழே `Collision` என்று ஒரு வெற்றுப் பொருளை உருவாக்கி, அதற்குள் ஒவ்வொரு பாக்ஸையும் தனித்தனிப் பொருளாக வையுங்கள். மெஷ்ஷில் இருக்கும் பழைய `Mesh Collider`-ஐ நீக்கிவிடுங்கள். இம்போர்ட் அமைப்பில் `Generate Colliders` டிக்கும் இருக்கக் கூடாது, இருந்தால் பழைய தொல்லை திரும்பி வந்துவிடும்.

தூண் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் கல்தூணில் சதுரமும் எட்டுப்பட்டைக் கட்டும் மாறி மாறி வரும். சதுரத்தின் அளவுக்கே தரையிலிருந்து மேல்வரை ஒரே பாக்ஸ் வைத்தால் போதும். கட்டு வரும் இடத்தில் மூலைகளை 8 செ.மீ. சீவியிருந்தால், அங்கே மட்டும் பாக்ஸ் அந்த 8 செ.மீ. அதிகமாக இருக்கும், நடக்கும்போது யாருக்கும் அது தெரியாது. மேலே உள்ள போதிகையை விட்டுவிடலாம். ஆள் 1.8 மீட்டர் உயரம், 0.8 மீட்டர் குதிப்பான் என்றால் அவன் தலை 2.6 மீட்டருக்கு மேல் போகாது. போதிகை அதற்கு மேலே தொடங்கினால் அங்கே மோத யாரும் வரப்போவதில்லை. கூரைக்குப் பாக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். ஆளுக்குப் பின்னால் வரும் கேமரா கூரைக்குள் புகாமல் இருக்கவும், எறிந்த கல் கூரையைத் துளைத்துக்கொண்டு போகாமல் இருக்கவும் அது வேண்டும்.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது படிகளைத்தான். `Character Controller`-இல் `Step Offset` இயல்பாக 0.3 மீட்டர், ஆகவே 18 செ.மீ. படியில் ஆள் ஏறிவிடுவான். ஆனால் ஒவ்வொரு படியிலும் சட்டென்று மேலே தூக்கப்படுவான், கேமராவும் கூடவே குலுங்கும். அதனால் கொலைடரில் படியே வேண்டாம், சரிவு போதும். படிகளின் வெளி விளிம்புகளைத் தொட்டுச் செல்லும்படி ஒரு பாக்ஸைச் சாய்த்து வையுங்கள். 25-க்கு 18 என்ற ஏற்றம் ஏறக்குறைய 36 டிகிரி வரும். `Slope Limit` இயல்பாக 45, அதற்குள் அடங்குகிறது. உங்கள் படிகள் இதைவிடச் செங்குத்தாக இருந்து சரிவு 45-ஐத் தாண்டினால் ஆள் ஏற மாட்டான், அதை முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். பாக்ஸை மெல்லிய பலகையாக விடாமல் 1 மீட்டர் தடிமனாக வையுங்கள். மிச்சம் மண்ணுக்குள்ளும் தளத்துக்குள்ளும் புதைந்துவிடும். மெல்லிசாக விட்டால் பக்கவாட்டில் ஒரு பொந்து உருவாகி, உருண்டு வரும் பந்தோ கோழியோ படிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும்.

சரி, அடுத்தது எல்ஓடி. எத்தனை முக்கோணம் என்று தொடங்காமல், திரையில் எத்தனை பிக்சல் என்று தொடங்குங்கள். கேமராவின் செங்குத்துப் பார்வைக் கோணம் 60 டிகிரி, போனைக் கிடைமட்டமாகப் பிடித்தால் திரை 1080 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தொலைவில் திரையின் முழு உயரத்துக்குள் சுமார் 11.5 மீட்டர் அடங்கும், அதாவது ஒரு மீட்டருக்கு 94 பிக்சல். தூணில் 2 செ.மீ. ஆழத்துக்குச் செதுக்கிய பூவேலை அங்கே 2 பிக்சல்கூட இல்லை. எனவே அதை வடிவமாக வைத்திருக்கத் தேவையில்லை, நார்மல் மேப் பார்த்துக்கொள்ளும். 35 மீட்டரில் ஒரு மீட்டருக்கு 27 பிக்சல்தான். சதுரத் தூணுக்கும் எட்டுப்பட்டைத் தூணுக்கும் மூலையில் இருக்கும் அந்த 8 செ.மீ. வித்தியாசம் இப்போது 2 பிக்சல். ஆக அங்கே எல்லாத் தூணும் சதுரமாகிவிடலாம். 2 பிக்சலுக்குக் கீழே போனதை எடுத்துவிடலாம் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல்.

இதன்படி `LOD0` 12,000 முக்கோணங்கள். 42,000 உள்ள மெஷ்ஷிலிருந்து செதுக்கல்களை நார்மல் மேப்பாக பேக் செய்து இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். போனுக்கு அதற்கு மேல் வேண்டாம். `LOD1` 4,000: பூவேலை எல்லாம் போய், தூணில் சதுரமும் கட்டும் போதிகையும் மட்டும் நிற்கும். `LOD2` 600: தூண் நாலு பக்கம், கொடுங்கையின் வளைவு இரண்டே மடிப்பு, படிகள் ஒரு சரிவு. எவ்வளவு குறைத்தாலும் தூண்களுக்கு நடுவே தெரியும் வெளிச்சத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தூரத்திலிருந்து மண்டபத்தை மண்டபம் என்று அடையாளம் காட்டுவது அதுதான். டெசிமேட்டை உடனே இழுத்துவிடாமல், முதலில் விளிம்பு வரிசைகளைக் கையால் நீக்குங்கள். டெசிமேட் யூவி தையல்களை மதிக்காது, கல்லின் டெக்ஸ்சர் இழுபட்டுப் போகும். கடைசியில் கொஞ்சம் குறைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மூன்றுக்கும் ஆரிஜின் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஸ்கேலை அப்ளை செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாறும்போது மண்டபம் ஒரு குதி குதிக்கும். பெயர்கள் இப்படி இருந்தால் யூனிட்டி தானாகவே `LOD Group` அமைத்துக்கொள்ளும்:

```
Mandapam_LOD0
Mandapam_LOD1
Mandapam_LOD2
```

யூனிட்டி மீட்டரில் தொலைவைக் கேட்காது. பொருள் திரை உயரத்தில் எத்தனை பங்கு என்று கேட்கும். இரண்டையும் இணைக்கும் கணக்கு இது:

```
distance = size * lodBias / (2 * ratio * tan(FOV / 2))
```

ஐந்தாவது படி தளத்தின் விளிம்பேதான், வெளியே நீள்வது நான்கு படிகள், 1 மீட்டர். ஆக நம் மண்டபத்தின் நீண்ட பக்கம், படிகளையும் சேர்த்து 6 மீட்டர். `LOD0` 50 சதவீதத்தில் முடிந்தால் 10.4 மீட்டர் வருகிறது. `LOD1` 15 சதவீதத்தில் முடிந்தால் 34.6 மீட்டர். 2 சதவீதத்தில் மறைந்துவிடச் சொன்னால் சுமார் 260 மீட்டர். நாம் பிக்சலை வைத்துக் கண்ட தொலைவுகளும் இவையும் ஒத்துப்போகின்றன.

ஆனால் இவையெல்லாம் `LOD Bias` 1 ஆக இருக்கும்போதுதான். போனில் உங்களுக்குத் தெரிந்த கோளாறுக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். `Project Settings > Quality` திறந்து பாருங்கள். ஒவ்வொரு தர நிலைக்கும் தனி `LOD Bias` உண்டு. கணினியில் ஓடும் நிலையில் அது 2 ஆகவும், ஆண்ட்ராய்டுக்குத் தேர்வான நிலையில் 0.7 ஆகவும் இருந்தால், அதே 50 சதவீதம் எடிட்டரில் 21 மீட்டரிலும் போனில் 7 மீட்டரிலும் மாறும். இரண்டாம் மாற்றம் போனில் 24 மீட்டருக்கு வந்துவிடும். அங்கே 8 செ.மீ. என்பது 3 பிக்சலுக்கு மேல், தூணின் மூலை திடீரென முளைப்பது நன்றாகவே தெரியும். ஆண்ட்ராய்டு நிலையில் மதிப்பை 1 ஆக்குங்கள். அப்புறம் அந்தப் பட்டியலில் அதே நிலையைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்துவிட்டு எடிட்டரில் ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் போன் காட்டாத ஒன்றைத்தான் எடிட்டரில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதன் பிறகும் மாறும் கணத்தில் ஏதோ மின்னுகிறது என்றால், வடிவத்தை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். வெளிக்கோடு அசையாமல் தூணின் வெளிச்சம் மட்டும் மாறினால், `LOD1`-இன் நார்மல்கள் `LOD0`-இலிருந்து விலகியிருக்கின்றன. பிளெண்டரில் `Data Transfer` மாடிஃபையர் மூலம் `LOD0`-இன் நார்மல்களை `LOD1`-க்கு மாற்றினால் சரியாகும். `Cross Fade` வைத்தும் மறைக்கலாம். ஆனால் கலக்கும் அந்த நேரத்தில் இரண்டு மெஷ்ஷும் சேர்ந்து வரையப்படும், உங்கள் ஷேடரும் அதை ஆதரிக்க வேண்டும். போனில் நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

இன்னொன்று, `LOD Group` மாற்றுவது வரையப்படும் மெஷ்ஷை மட்டும்தான். `Collision` பொருளை அதன் பட்டியலில் எங்கும் சேர்க்காதீர்கள். 200 மீட்டர் தொலைவில் ஆடு ஒன்று மண்டபப் படியில் ஏறிக்கொண்டிருந்தாலும் அது நடப்பது அந்த ஏழு பாக்ஸின் மேல்தான்.