கடைகளுக்கு ஒரு மாதப் பதிவுகளை முன்கூட்டியே ஷெட்யூல் பண்றேன். படம், இசைக்கெல்லாம் லைசன்ஸ் கணக்கு எழுதி வைக்கணுமா? 'ராயல்டி ஃப்ரீ' என்று இருந்தால் போதாதா?

போதாது. எடுத்த தேதியை மட்டும் எழுதி வைத்தாலும் போதாது. பதிவு வெளியாகும் தேதியும் லைசன்ஸ் முடியும் தேதியும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், ஒரு சித்திரை ஒன்றாம் தேதி காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டதால்.

உங்களைப் போலத்தான் நானும். ஈரோட்டுப் பக்கம் நான்கைந்து கடைகளின் பக்கங்களைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஜவுளிக்கடைக்குத் தமிழ்ப் புத்தாண்டு வீடியோவை மார்ச் 18 அன்றே முடித்து, ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் ஏப்ரல் 14 காலை ஆறு மணிக்கு ஷெட்யூல் செய்துவிட்டேன். பின்னணியில் நாதஸ்வரம் மாதிரி ஒலிக்கும் ஒரு டிராக். ஓர் இசைத் தளத்தில் மாதச் சந்தா கட்டி எடுத்தது. திருட்டுப் பாட்டு இல்லை, 'ராயல்டி ஃப்ரீ' என்று அந்தத் தளமே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேலை முடிந்தது என்று அடுத்த கடையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சித்திரை ஒன்று காலை ஏழு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். "தம்பி, வீடியோ ஓடுது, நாயனச் சத்தத்தைக் காணோமே?"

"உங்க போன்ல சவுண்டு கம்மியா இருக்கும்ங்ணா."

"என்னுது சரி தம்பி. சம்பந்தி போன்லயும் காணோம்ங்கறாரு."

போய்ப் பார்த்தால், ஃபேஸ்புக் ஒலியை முழுக்க முடக்கியிருந்தது. யூடியூபில் ஒலி இருந்தது, ஆனால் காப்புரிமை கிளைம் விழுந்திருந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் பட்டுச் சேலைகள் ஊமையாக அசைந்துகொண்டிருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆனது. அந்த டிராக்கின் பெயர்கூட என்னிடம் இல்லை என்பதுதான் இதில் வெட்கக்கேடு. என் கணினியில் இருந்தது `final_final2.mp4` மட்டும். பழைய எடிட்டிங் ஃபைலைத் திறந்து, அதில் இருந்த ஆடியோவின் பெயரைப் பிடித்து, தளத்தில் தேடி, அதற்கப்புறம்தான் விதிமுறையை வரி வரியாகப் படித்தேன். சந்தா நடப்பில் இருக்கும்போது *வெளியான* வீடியோக்களுக்கு உரிமை என்றைக்கும் உண்டு. சந்தா முடிந்தபின் வெளியாகும் வீடியோவுக்கு இல்லை, எப்போது டவுன்லோட் செய்திருந்தாலும் சரி. என் சந்தா ஏப்ரல் 2 அன்று முடிந்துவிட்டது. என் ஷெட்யூல் கருவியோ வீடியோவை மார்ச் 18 அன்று வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர, யூடியூபுக்கு ஏற்றுவது ஏப்ரல் 14 காலை ஆறு மணிக்குத்தான். ஆக, என் கணக்கில் மார்ச் வீடியோ, அவர்கள் கணக்கில் ஏப்ரல் வீடியோ.

எல்லாத் தளமும் இப்படி இல்லை. சில தளங்களில் சந்தா இருக்கும்போது *தயாரித்த* வீடியோ என்றாலே போதும், எப்போது வேண்டுமானாலும் வெளியிடலாம். 'தயாரித்த', 'வெளியான' என்ற ஒரு சொல் வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வரியை அப்படியே காப்பி செய்து உங்கள் கணக்கில் ஒட்டி வையுங்கள். பிறகு படித்துக்கொள்ளலாம் என்று விட்டால், நாயனம் நின்ற பிறகுதான் படிப்பீர்கள்.

சந்தா ஏன் முடிந்தது என்று கேட்பீர்கள். நானா நிறுத்தினேன்? 2021 அக்டோபரில் இருந்து கார்டில் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே தகவல், முதல் தடவை ஓடிபி, அது இது. நல்ல விதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுத் தளத்துக்குப் போகும் என் பணம் மட்டும் மாதம் தவறாமல் சிக்கிக்கொள்கிறது. வங்கியில் கேட்டால் தளத்தைக் கேள் என்கிறார்கள், தளத்தில் கேட்டால் வங்கியைக் கேள் என்கிறார்கள். இதற்கு நடுவில் முதலாளிமார் தர வேண்டிய பாக்கி வேறு. "அடுத்த வாரம் ஜிபே பண்றேன் தம்பி" என்று சொல்கிறார்களே, அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று யாராவது காட்டினால் நன்றாக இருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திரும்பவும் ஒரு மாதச் சந்தா கட்டி, கடையின் சேனலை மறுபடி இசைத் தளத்தில் உள்ள என் கணக்கோடு இணைத்து, யூடியூபில் ஆட்சேபம் போட்டேன். கிளைம் போட்டவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. எனக்கு நான்காம் நாளே விடுவித்துவிட்டார்கள். (இந்த கிளைம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளைம் வந்தால் சேனல் போய்விடாது, பெரும்பாலும் விளம்பர வருமானம் இருந்தால் அது அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். முதலாளியிடம் இதை மூன்று தடவை விளக்கினேன்.) ஃபேஸ்புக்கில் மட்டும் அதற்குக் காத்திராமல் வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். அதற்குள் சித்திரை மூன்றாகிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு கூகுள் ஷீட். ஒரு பதிவில் ஒரு படமும் ஒரு இசையும் இருந்தால் இரண்டு வரி. எண், பொருளின் பெயர், எடுத்த பக்கத்தின் முகவரி, லைசன்ஸ் பெயர், எடுத்த தேதி, வெளியாகும் தேதி, லைசன்ஸ் முடியும் தேதி, எந்தெந்தத் தளத்தில் போடலாம், கிரெடிட் வரி. F என்பது வெளியாகும் தேதி, G என்பது முடியும் தேதி. முடிவே இல்லாத லைசன்ஸ் என்றால் G காலி. கடைசிக் கட்டத்தில் இது:

```
=IF(AND(G2<>"",F2>G2),"நிறுத்து","")
```

திங்கள்கிழமை காலையில் ஒரு தடவை ஷீட்டைத் திறந்து 'நிறுத்து' எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். பதிவின் தேதியைத் தள்ளிப்போட்டால் F-ஐயும் மாற்ற வேண்டும். இதைத்தான் அடிக்கடி மறப்பேன். ஃபைல் பெயரிலேயே எண்ணைச் சேர்த்துவிட்டேன், `2023-08-18_M031.mp4` என்பது போல. M031 என்பது ஷீட்டில் அந்த இசையின் எண். `final_final2` காலம் முடிந்தது.

'எந்தெந்தத் தளத்தில்' என்ற கட்டத்தை வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள். மெட்டாவின் Sound Collection-இல் இருந்து எடுத்த இசை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு மட்டும்தான். அதே வீடியோவை அப்படியே யூடியூப் ஷார்ட்ஸுக்குத் தள்ளிவிட்டால் அந்த அனுமதி அங்கே செல்லாது. ஒரே சொடுக்கில் நான்கு தளத்துக்குப் போகும் வசதி வந்ததிலிருந்து இந்தத் தவறு ரொம்பச் சுலபமாகிவிட்டது.

படத்தில் சிக்கல் வேறு மாதிரி. விக்கிமீடியா காமன்ஸில், எடுத்தவர் பெயரைப் போட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் CC BY 4.0 லைசன்ஸில் இருந்த ஒரு வேப்பம்பூ படத்தை எடுத்து, வெட்டி, மேலே வாழ்த்து எழுதி ஷெட்யூல் செய்திருந்தேன். கேப்ஷனின் கடைசியில் கிரெடிட்டும் கொடுத்திருந்தேன். இன்ஸ்டாவில் சரியாக வந்தது. எக்ஸ் தளத்தின் 280 எழுத்துக்காகக் கேப்ஷனைச் சுருக்கியபோது முதலில் போனது அந்தக் கடைசி வரிதான். இரண்டு நாளில் படம் எடுத்தவரே மரியாதையாகச் செய்தி அனுப்பினார், "என் பெயர் எங்கே?" என்று. அங்கே திருத்த வழி இல்லாததால் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டு, மன்னிப்பும் கேட்டேன். 4.0 என்பதால் தப்பித்தேன். அதில் தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை தானாகத் திரும்பிவிடும். பழைய 3.0-இல் அந்தச் சலுகை இல்லை. அதனால் வெறுமனே 'சிசி' என்று எழுதாமல் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள்.

இப்போது கிரெடிட்டைப் படத்தின் கீழ் ஓரத்திலேயே சின்னதாகப் போட்டுவிடுகிறேன். கேப்ஷன் எங்கே வெட்டுப்பட்டாலும் அது நிற்கும். லைசன்ஸின் முழு முகவரி கேப்ஷனில்.

```
படம்: (எடுத்தவர் பெயர்) / Wikimedia Commons / CC BY 4.0 / வெட்டி, எழுத்து சேர்த்தது
```

'வெட்டி, எழுத்து சேர்த்தது' என்பது அலங்காரம் இல்லை. மாற்றினால் மாற்றினோம் என்று சொல்வதும் அந்த லைசன்ஸின் நிபந்தனை.

இன்னொன்று, லைசன்ஸ் இருந்த பக்கத்துக்குச் சாட்சி. எடுத்த அன்றே அந்தப் பக்கத்தை PDF ஆகச் சேமித்து, `web.archive.org/save` பக்கத்தில் அதன் முகவரியையும் கொடுத்துவிடுவேன். ஒரு நிமிட வேலை. இலவசப் படங்கள் தரும் Unsplash தளம் 2017 ஜூன் வரை எந்த நிபந்தனையும் இல்லாத CC0 கொடுத்தது, பிறகு சொந்த லைசன்ஸுக்கு மாறியது. Pixabay 2019 ஜனவரியில் அதையே செய்தது. மாறுவதற்கு முன் எடுத்தவருக்குப் பழைய உரிமை அப்படியே இருக்கும். ஆனால் முன்பே எடுத்தேன் என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு.

"ஐயாயிரம் ஃபாலோயர் இருக்கும் கடைக்கு இதெல்லாம் ஓவர்" என்று கீழே கமெண்ட் வரும், தெரியும். ஒலியை முடக்குவது மெஷின். அது ஃபாலோயரை எண்ணிப் பார்த்து முடக்குவதில்லை. அடுத்த கமெண்ட், "பாரதியார் பாட்டுக்கு யார் காசு கேட்பார்கள்?" எங்கள் முதலாளியே கேட்டார். வரிகளுக்கு யாரும் கேட்க முடியாது, உண்மை. ஆனால் போன வருடம் ஒருவர் பாடிப் பதிவு செய்ததை எடுத்தால், அந்த ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் தனி உரிமை. தியாகராஜர் கீர்த்தனைக்கும் இதே கதைதான். நான் வக்கீல் இல்லை, பெரிய தொகை சம்பந்தப்பட்டால் வக்கீலைப் பாருங்கள்.

ஏற்கெனவே வெளியான பழைய பதிவுகளை எல்லாம் தோண்டி எழுத உட்காராதீர்கள். நான் உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். முதலில் இன்னும் வரிசையில் காத்திருப்பவை. அடுத்து, ஒவ்வொரு வருடமும் தூசி தட்டி மறுபடி போடும் பொங்கல், தீபாவளி வாழ்த்துகள். மறுபடி போட்டால் அது புதிய வெளியீடு, அதற்குத் தனி வரி, தனி F தேதி.