90 நாள் கணக்கின் முதல் நாள் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அறிக்கைத் தேதி 2025 மார்ச் 31. கடைசி 90 நாள் விற்பனை வேண்டும் என்றார்கள். தேதியிலிருந்து 90 கழித்தேன். 2024 டிசம்பர் 31 வந்தது. உடன் வேலை செய்பவர் ஜனவரி 1 என்கிறார். யார் சொல்வது சரி?

அறிக்கைத் தேதியும் 90 நாளில் ஒன்று என்றால் அவர் சொல்வதே சரி. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, கூட்டினால் 90. டிசம்பர் 31ஐயும் சேர்த்தால் 91 ஆகிவிடும்.

ஒரு மண்டலம் விரதம் இருப்பவர் தொடங்கிய நாளையே முதல் நாளாக எண்ணுவார். ஒன்றாம் தேதி தொடங்கினால் 48ஆம் நாள் 47 நாட்கள் கழித்து வரும். இங்கும் அதே கணக்குதான். 90 நாட்களை வரிசையாக வைத்தால் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே 89 தாவல்களே இருக்கும். கழித்தல் குறி தாவல்களைத்தான் எண்ணுகிறது, நாட்களை அல்ல. ஆகவே கழிக்க வேண்டியது 89. அறிக்கைத் தேதி A2 கட்டத்தில் இருந்தால் எக்செலில் `=A2-89` போதும். விடையாக 45658 என்று ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது 2025 ஜனவரி 1தான், கட்டத்தின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றினால் தெரிந்துவிடும்.

ஆனால் அறிக்கைத் தேதியைச் சேர்க்காமல், அதற்கு முந்தைய நாளோடு கணக்கை முடிப்பது உங்கள் அலுவலக வழக்கம் என்றால் நீங்கள் எடுத்த டிசம்பர் 31 சரியாகிவிடும். அப்போது முடிவு நாள் மார்ச் 30. 89ஆ 90ஆ என்று வாதிடும் முன், அறிக்கைத் தேதி உள்ளேயா வெளியேயா என்று கேட்டு, அந்த விடையை அறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "1 ஜனவரி 2025 முதல் 31 மார்ச் 2025 வரை, இரு நாட்களும் சேர்த்து."

கேள்வி: 90 நாள் என்றால் மூன்று மாதம்தானே? `EDATE` கொண்டு மூன்று மாதம் பின்னால் போனால் வேலை எளிதாக முடிகிறதே?

முடிவதுபோலத் தோன்றும். மே மாதக் கடைசியில் போட்டுப் பாருங்கள். 2025 மே 28, 29, 30, 31 ஆகிய நான்கு தேதிகளுக்கும் `EDATE` தரும் விடை ஒன்றே: பிப்ரவரி 28. பிப்ரவரியில் அதற்கு மேல் தேதி இல்லாததால் எல்லாம் அங்கேயே வந்து நின்றுவிடுகின்றன. அதைத் தொடக்க நாளாக வைத்தால் மே 28 அறிக்கையில் 90 நாட்கள் இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் 91, 92, 93 என்று வளரும். விற்பனை கூடாமலேயே கூட்டுத்தொகை கூடும். உண்மையில் மே 31க்கு உரிய தொடக்க நாள் மார்ச் 3.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீப் ஆண்டு அல்லாத ஆண்டின் முதல் காலாண்டு மட்டுமே சரியாக 90 நாள். உங்கள் வினவலை மார்ச் 31, 2025 என்ற தேதியில் மட்டும் சோதித்தால் "காலாண்டின் முதல் நாள்" என்று எழுதிய தவறான சூத்திரமும் தேறிவிடும். 2024 மார்ச் 31இல் சோதியுங்கள்: சரியான விடை ஜனவரி 2. 2025 ஜூன் 30க்கு ஏப்ரல் 2. இந்த இரண்டிலும் சரியாக வந்தால் நம்பலாம்.

கேள்வி: போஸ்ட்கிரெஸில் `BETWEEN` போட்டு, தேதியிலிருந்து 90 கழித்து எழுதியிருக்கிறேன். நாட்களை எண்ணினால் சரியாக 90 வருகிறது. ஆனால் கடைசி நாள் விற்பனையைக் காணவில்லை என்கிறார்கள். எப்படி?

உங்கள் விற்பனை நெடுவரிசையில் தேதியோடு நேரமும் இருக்கிறது. அதுதான் காரணம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் இதே பிழை பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது, எழுதியவன் நானே. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

`BETWEEN` இரு எல்லைகளையும் உள்ளே சேர்க்கும். மேல் எல்லையாக வெறும் '2025-03-31' என்று கொடுத்தால், நேரத்தோடு ஒப்பிடும்போது அது மார்ச் 31 நள்ளிரவு 00:00 மணி ஆகிறது. காலை பத்தரை மணிக்குப் போட்ட பில் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. இப்படி ஒரு நாள் முழுதும் போய்விட்டது. மறுபுறம் 89க்குப் பதில் 90 கழித்ததால் டிசம்பர் 31 கூடுதலாக உள்ளே வந்துவிட்டது. ஒன்று போய் ஒன்று வந்ததால் எண்ணிக்கை 90இலேயே நிற்கிறது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. கணக்கு முழுவதும் ஒரு நாள் பின்தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் புத்தாண்டுக்கு முந்தைய நாள் விற்பனை உள்ளே வந்து, நிதியாண்டின் கடைசி நாள் வெளியே போகிறது என்றால் அது சின்ன விஷயம் அல்ல.

மருந்து இதுதான்: கீழ் எல்லையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மேல் எல்லையை மறுநாள் நள்ளிரவாக வைத்து அதைச் சேர்க்காமல் விடுங்கள்.

```sql
WHERE sold_at >= DATE '2025-03-31' - 89
  AND sold_at <  DATE '2025-03-31' + 1
```

சோதிக்கும்போது நாட்களின் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். கிடைத்த பதிவுகளில் மிகப் பழைய நேரத்தையும் மிகப் புதிய நேரத்தையும் `MIN`, `MAX` கொண்டு எடுத்துக் கண்ணால் பாருங்கள். கடைசிப் பதிவு மார்ச் 30 இரவோடு நின்றால் உடனே பிடிபட்டுவிடும்.

அதற்காக `MIN` தரும் தேதியையே தொடக்க நாளாக அறிக்கையில் போட்டுவிடக் கூடாது. ஜனவரி 1 கடை விடுமுறை என்றால் `MIN` ஜனவரி 2 என்று சொல்லும்; தொடக்க நாள் ஜனவரி 1தான். தொடக்க நாளைக் கணக்கிட்டுப் பெற வேண்டும். தரவிலிருந்து பொறுக்கி எடுக்கக் கூடாது.

கேள்வி: எஸ்கியூஎல்லில் 89 என்கிறீர்கள். பவர் பிஐயில் `DATESINPERIOD` போட்டு -89 கொடுத்தால் ஒரு நாள் குறைகிறது.

குறையத்தான் செய்யும். அந்தச் செயற்கூறு கேட்பது நாட்களின் எண்ணிக்கை, தாவல்களை அல்ல. கடைசி நாளையும் சேர்த்து எண்ணிக்கொள்ளும். எனவே -90 கொடுங்கள். பாண்டாஸில் தேதியைக் குறியீடாக வைத்து `rolling('90D')` எழுதினாலும் அப்படியே, அறிக்கை நாளோடு சேர்த்து 90 நாட்கள் வரும். அங்கே மேற்கோள் குறியையும் எழுத்தையும் விட்டு `rolling(90)` என்று எழுதினால் அது 90 வரிசைகளை எடுக்கும். விற்பனையே இல்லாத நாட்களுக்கு வரிசை இல்லை என்றால், சாளரம் ஓசைப்படாமல் நூறு நூற்றிருபது நாட்களுக்கு நீண்டுவிடும். எஸ்கியூஎல்லின் `ROWS BETWEEN 89 PRECEDING AND CURRENT ROW` என்பதற்கும் இதே குணம் உண்டு.

கேள்வி: டொராண்டோவில் வேலை செய்கிறேன். பாண்டாஸில் 89 நாட்கள்தான் கழிக்கிறேன். ஆனாலும் மார்ச் 31 அறிக்கைக்கு டிசம்பர் 31 வருகிறது. சென்னையில் உள்ள குழுவுக்கு இதே நிரல் ஜனவரி 1 தருகிறது.

உங்கள் ஊரில் 2025 மார்ச் 9 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அன்றைய நாள் 23 மணி நேரமே. `Timedelta` நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. 89 பெருக்கல் 24 மணி நேரத்தை அப்படியே பின்னால் எண்ணுகிறது. ஒரு மணி நேரம் மிகுதியாகப் போய் முந்தைய நாள் இரவு 11 மணியில் நிற்கிறது.

```python
d = pd.Timestamp('2025-03-31', tz='America/Toronto')
d - pd.Timedelta(days=89)   # 2024-12-31 23:00:00-05:00
d - pd.DateOffset(days=89)  # 2025-01-01 00:00:00-05:00
```

`DateOffset` கடிகாரத்தில் தெரியும் நேரத்தைக் காப்பாற்றுகிறது. அதைவிட நல்லது, நேரமும் மண்டலமும் இல்லாத வெறும் தேதியில் கழித்தலை முடித்துவிட்டு, கடைசியில் நேர மண்டலத்தைச் சேர்ப்பது. இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் சென்னைக் குழுவுக்கு இது தெரியவே வராது. ஆனால் அவர்களுக்கு வேறொரு பள்ளம் இருக்கிறது. பதிவுகள் யுடிசி நேரத்தில் இருந்தால் இந்தியாவின் ஜனவரி 1 தொடங்குவது டிசம்பர் 31 மாலை 18:30க்கு. யுடிசி தேதியை அப்படியே எடுத்தால், அதிகாலை ஐந்தரைக்குள் நடந்த விற்பனை எல்லாம் முந்தைய நாளில் போய் விழும்.

கேள்வி: தினமும் 90 நாள் கூட்டுத்தொகையை வரைபடமாகப் போடுகிறோம். தொடக்க நாள் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோடு இறங்கி ஞாயிறன்று ஏறுகிறது. எங்கள் கடையில் ஞாயிறுதான் கூட்டம்.

தொடக்க நாளில் பிழை இல்லை; 90 என்ற எண் ஏழால் வகுபடாது. அது 12 வாரமும் 6 நாளும். ஆறு கிழமைகள் 13 முறையும், ஒரு கிழமை மட்டும் 12 முறையும் வரும். குறைவது எப்போதும் அறிக்கை நாளுக்கு அடுத்த கிழமை. 2025 மார்ச் 29 சனிக்கிழமை. அன்றைய சாளரம் டிசம்பர் 30இல் தொடங்குகிறது. அதில் ஜனவரி 5 முதல் மார்ச் 23 வரை 12 ஞாயிறுகளே. மறுநாள் அறிக்கையில் மார்ச் 30 சேர்ந்து 13 ஆகிறது, கழிவது ஒரு திங்கள். உங்கள் கோடு ஏறுவதற்கு அதுவே காரணம்.

போக்கைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் 91 நாள் எடுங்கள், அறிக்கைத் தேதியிலிருந்து 90 கழித்து. எல்லாக் கிழமையும் 13 முறை வரும். ஒப்பந்தத்திலோ விதியிலோ 90 என்றே இருந்தால் மாற்றாதீர்கள். போன வாரத்தின் அதே கிழமை அறிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கும் கிடைக்கிறது. 90 நாள் சாளரத்தின் தொடக்கக் கிழமை, அறிக்கைக் கிழமைக்கு இரண்டு கிழமை தள்ளி வரும். 2025 மார்ச் 31 திங்கள். ஜனவரி 1 புதன். உங்கள் அறிக்கையில் திங்களுக்குச் செவ்வாய் வந்தால் ஒரு நாள் கூடிவிட்டது, வியாழன் வந்தால் குறைந்துவிட்டது.

கேள்வி: அறிக்கை தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக ஓடுகிறது. `CURRENT_DATE - 89` என்று எழுதலாமா?

வேண்டாம். காலை ஆறு மணிக்கு இன்றைய நாளில் ஆறு மணி நேரமே கடந்திருக்கும். உங்களுக்குக் கிடைப்பது 89 நாளும் ஒரு துண்டும். நேற்றை அறிக்கைத் தேதியாக எடுத்து அதிலிருந்து 89 கழியுங்கள். அந்தத் தேதியை வினவலுக்கு வெளியிலிருந்து கொடுங்கள். போன மாதம் 14ஆம் தேதி அறிக்கையை யாராவது மறுபடி கேட்டால், `CURRENT_DATE` இன்றைய கணக்கைத்தான் எடுத்து நீட்டும்.